இரவில் ஐஸ் கட்டி, மாலை பீக் ஹவரைச் சமாளிக்க எவ்வளவு பெரிய டேங்க் வேண்டும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ட்ரல் ஏசி உள்ள கடை, மால், மருத்துவமனை நடத்துபவர்களும் அங்கே பராமரிப்பைப் பார்ப்பவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. மின்சாரம் மலிவான இரவில், சென்ட்ரல் ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரை ஓட்டி டேங்கில் ஐஸ் கட்டுவது, விலை கூடும் மாலையில் அந்த ஐஸை உருக்கிக் கட்டடத்தைக் குளிர்விப்பது, இதுதான் யோசனை. கணக்கெல்லாம் ஒரே ஒரு கட்டடத்தை வைத்துத்தான்: சென்னையில் காலை 10 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் ஒரு பெரிய ஜவுளிக்கடை. கடை கற்பனை, ஆனால் இந்த அளவில் நிறையக் கடைகள் இருக்கின்றன. மே மாத உச்ச நாளில் அதற்கு 300 டன் குளிர் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர் பீக் ஹவருக்கு இது ஒத்து வருமா?

ஐஸ் சேமிப்பைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பாலானவை அமெரிக்கக் கணக்குகள். அங்கே பல இடங்களில் கோடைப் பிற்பகலில்தான் மின்சாரம் விலை ஏறும். ஏசி சுமையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் கணக்கு சுலபமாக லாபம் காட்டும்.

தமிழ்நாட்டில் கதை வேறு. உயர் அழுத்த இணைப்புக்கு உச்ச நேரம் காலையில் சில மணி நேரம், பிறகு மாலை 6 முதல் 10 வரை. அந்த நேரத்தில் ஓடும் யூனிட்டுக்கு 25% கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5% தள்ளுபடி. மதியம் 2 மணிக்குச் சில்லர் முழு மூச்சில் ஓடினாலும் அது சாதாரண விலைதான். உங்கள் இணைப்பு எந்தக் கட்டண வகையில் வருகிறது, இந்தக் கூடுதலும் தள்ளுபடியும் அதற்கு உண்டா என்பதைக் கடைசி மாத பில்லில் பார்த்துவிடுங்கள். பீக் யூனிட், இரவு யூனிட் என்று தனித்தனி வரி இருக்கும்.

அலுவலகக் கட்டடம் மாலை 6 மணிக்குக் காலியாகிவிடும். அதற்கு மாலை பீக் பெரிய விஷயமே இல்லை. ஜவுளிக்கடை அப்படியல்ல, கூட்டமே ஆறு மணிக்கு மேல்தான். கடை மூடும் இரவு 10 மணிக்கே தள்ளுபடி நேரமும் தொடங்குகிறது. ஐஸ் கட்ட ஏழு மணி நேரம் சும்மா கிடைக்கிறது. நேரத்தை மட்டும் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான கட்டடம் கிடைக்காது. பணமும் அதையே சொல்கிறதா என்பதுதான் மீதிக் கேள்வி.

கேள்வி: டன், டன்-மணி இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டால் விற்பவர் சொல்வதெல்லாம் சரியாகத்தான் தெரியும். டன் என்பது குளிரூட்டும் வேகம். டன்-மணி என்பது அளவு. 100 டன் வேகத்தில் மூன்று மணி நேரம் குளிரூட்டினால் 300 டன்-மணி. சில்லரை டன்னில் வாங்குகிறோம், ஐஸ் டேங்கை டன்-மணியில் வாங்குகிறோம்.

ஒரு டன்-மணி என்பது 3.517 கிலோவாட்-மணி குளிர். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும் என்பதால் ஒரு டன்-மணிக்குச் சுமார் 38 கிலோ ஐஸ் தேவை. அதே குளிரை வெறும் குளிர்நீராகச் சேமித்தால், 8 டிகிரி வித்தியாசத்துக்கு, 380 கிலோ தண்ணீர் வேண்டும். பத்து மடங்கு. நகர நடுவில் இடமில்லாத கடைக்கு ஐஸ் பிடிப்பதற்கு இதுதான் காரணம். இடம் தாராளமாக இருக்கிறது என்றால் குளிர்நீர்த் தொட்டியையும் விலை கேட்டுப் பாருங்கள். அதற்குச் சில்லர் மைனஸுக்குப் போக வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் கட்டடத்தின் சுமையை எப்படித் தெரிந்துகொள்வது? சில்லர் பலகையில் எழுதியிருப்பது போதாதா?

போதாது. பலகையில் இருப்பது சில்லரால் முடிந்தது. கட்டடம் கேட்பது வேறு. ஐஸ் டேங்கின் அளவை முடிவுசெய்வது உச்ச டன் மட்டுமல்ல, நாள் முழுக்கச் சுமை எப்படி ஏறி இறங்குகிறது என்பதும்தான். அதனால் மணிவாரிக் கணக்கு இல்லாமல் தொடங்கவே கூடாது.

குளிர்நீர்க் குழாயில் ஓட்ட அளவியும், போகும் வரும் வெப்பநிலைக்கு இரண்டு சென்சாரும் இருந்தால் போதும். மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறதோ அதை வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி 3.024-ஆல் வகுத்தால் டன் வந்துவிடும். மணிக்கு 150 கன மீட்டர், 6 டிகிரி வித்தியாசம் என்றால் சுமார் 298 டன். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை இதைப் பதிவு செய்யுங்கள். சனி, ஞாயிறு மாலைகள் கட்டாயம் அதில் இருக்க வேண்டும். ஜவுளிக்கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் முக்கியம். வெயில் குறைவுதான், ஆனால் ஒரே நேரத்தில் உள்ளே நிற்கும் ஆட்கள் அப்போதுதான் அதிகம்.

நம் கடையின் உச்ச நாள் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 10-லிருந்து இரண்டு மணி நேரம் 220 டன். இரவெல்லாம் மூடிக் கிடந்த சூட்டை இறக்க வேண்டும் என்பதால் கூட்டமே இல்லாத முதல் மணியிலும் அவ்வளவு. பிறகு மணிக்கு மணி 250, 270, 280, அப்புறம் மூன்று மணி நேரம் 290. மாலை 6-லிருந்து இரண்டு மணி நேரம் 300, அடுத்து 280, கடைசி மணியில் 240. மாலை 6 வரை மொத்தம் 2,110 டன்-மணி. பீக் நான்கு மணியில் 1,120. ஒரு நாளுக்கு 3,230 டன்-மணி. கீழே வரும் எல்லாக் கணக்கும் இந்த மூன்று எண்களிலிருந்துதான்.

கேள்வி: மாலை 6 முதல் 10 வரை சில்லரையே நிறுத்திவிட்டு முழுக்க ஐஸில் ஓட்டலாமே?

ஓட்டலாம். எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். பீக் நேரத்துச் சுமை முழுவதையும் ஐஸில் தள்ளுவதால் இதற்கு முழுச் சேமிப்பு என்று பெயர். 1,120 டன்-மணி வேண்டும். உருகலின் கடைசிப் பகுதி வேலைக்கு ஆகாது என்பதால் பத்து சதவீதம் கூட்டினால் டேங்க் 1,250 டன்-மணி.

இப்போது மின்சாரக் கணக்கு. தண்ணீரால் குளிரும் சில்லர், கூலிங் டவர், கண்டென்சர் பம்ப் எல்லாம் சேர்த்து, சாதாரணமாக 7 டிகிரி தண்ணீர் தரும்போது டன்-மணிக்கு 0.8 யூனிட் ஆகிறது என்று கொள்வோம். ஐஸ் கட்ட அதே சில்லர் மைனஸ் 5 டிகிரியை ஒட்டி, அந்தக் குளிரிலும் உறையாத கிளைகோல் கரைசலை அனுப்ப வேண்டும். கம்ப்ரசர் இன்னும் ஆழத்திலிருந்து வெப்பத்தை ஏற்றுகிறது, அதனால் டன்-மணிக்கு 1 யூனிட் ஆகும். டேங்கின் சுவர் வழியாகவும் குழாய் வழியாகவும் போகும் இழப்புக்கு 3% சேருங்கள்.

யூனிட் விலையைக் கணக்குக்கு 9 ரூபாய் என்று வைத்தால், பீக்கில் 11.25, இரவில் 8.55. மாலையில் நேரடியாகச் சில்லர் ஓடினால் 896 யூனிட், 10,080 ரூபாய். இரவில் ஐஸ் கட்டினால் 1,154 யூனிட், 9,867 ரூபாய். வருடத்தின் மிகச் சூடான நாளில் மிச்சம் 213 ரூபாய். 48 டன் ஐஸ் பிடிக்கும் டேங்கை வாங்கி வைத்துவிட்டு, நாளைக்கு ஒரு பிரியாணிச் செலவு மிச்சம்.

சில்லராவது சிறிதாகுமா என்றால் அதுவும் இல்லை. மாலை 5 மணிக்கு 290 டன் வேண்டும். அது பீக்குக்கு வெளியே, சில்லர்தான் தர வேண்டும். 300 டன் இயந்திரம் 290 ஆகிறது, அவ்வளவுதான். மதியம் பதிவாகும் டிமாண்டும், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சுமையும், அப்படியே நிற்கும்.

கேள்வி: அப்போ கட்டண வித்தியாசத்தை வைத்து லாபமே வராதா?

ஒரு விகிதத்தைப் பார்த்தால் போதும். பீக் விலையை இரவு விலையால் வகுங்கள். நம் கட்டணத்தில் 1.25-ஐ 0.95-ஆல் வகுத்தால் 1.32. அடுத்து, ஐஸ் கட்ட ஆகும் யூனிட்டை நேரடியாகக் குளிரூட்ட ஆகும் யூனிட்டால் வகுத்து, இழப்பையும் சேருங்கள். மேலே உள்ள சில்லருக்கு 1.29. முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால்தான் யூனிட் கட்டணத்தில் மிச்சம். 1.32-க்கும் 1.29-க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்கள் அல்லவா? சில்லர் கொஞ்சம் பழையதாக இருந்து ஐஸில் 1.1 யூனிட் எடுத்தால் அதுவும் போய் நஷ்டம்.

"இரவில் குளிர்ச்சியாக இருக்கும், சில்லர் குறைவாக எடுக்கும்" என்று விற்பனையாளர் சொல்வார். ஏர்-கூல்டு சில்லருக்கு அது ஓரளவு உண்மை. மே மாதம் மதியத்துக்கும் பின்னிரவுக்கும் காற்றின் சூடு நன்றாகவே குறைகிறது. கூலிங் டவரோ ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்த்து, அதாவது காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து தீர்மானிக்கும் வெப்பநிலையைப் பார்த்து, வேலை செய்வது. கடலோரச் சென்னையில் அது இரவிலும் பெரிதாக இறங்காது. உள்ளே தள்ளி, வறண்ட காற்று வீசும் ஊர்களில் இதைவிட நன்றாக இருக்கும். சென்னையில் டவர் வைத்த கட்டடத்துக்கு இந்தச் சலுகையைக் கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி: பிறகு எதில்தான் பணம் மிச்சம்?

டிமாண்ட் சார்ஜில். உயர் அழுத்த பில்லில் ஒரு கேவிஏவுக்கு மாதம் 600 ரூபாயை ஒட்டி வாங்குகிறார்கள். பதிவான உச்ச டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் 90%, இந்த இரண்டில் எது பெரிதோ அதற்குக் கட்ட வேண்டும். ஆகவே ஐஸின் உண்மையான வேலை பீக் ஹவரைத் தாண்டுவது மட்டும் அல்ல, சில்லரையே சிறிதாக்கி நாள் முழுக்க ஒரே மட்டத்தில் ஓட வைப்பது. சுமை அந்த மட்டத்துக்கு மேல் போகும் பகுதியை மட்டும் ஐஸ் தரும். இதைப் பகுதிச் சேமிப்பு என்கிறோம்.

சூத்திரம் சின்னதுதான்:

```
C = Q / (Hd + k × Hi)
```

`Q` நாளின் மொத்த டன்-மணி. `Hd` பகலில் சில்லர் நேரடியாக ஓடும் மணி நேரம். `Hi` இரவில் ஐஸ் கட்டும் மணி நேரம். `k` என்பது ஐஸ் கட்டும்போது சில்லரின் திறன் எவ்வளவாகக் குறைகிறது என்பது. ஸ்க்ரூ சில்லருக்கு முதல் கணக்கில் 0.65 முதல் 0.7 வரை போடலாம். ஆர்டர் கொடுக்கும் முன் அந்த மாடலுக்கு, மைனஸ் 5 டிகிரி கிளைகோலுக்கு, உங்கள் ஊர் டவர் தண்ணீர் வெப்பநிலைக்குத் தயாரிப்பாளர் தரும் எண்ணை எழுத்தில் வாங்குங்கள். மொத்தக் கணக்கையும் கவிழ்க்கக்கூடிய எண் இது ஒன்றுதான்.

நம் கடைக்கு 3,230-ஐ, 12-உடன் 0.67 பெருக்கல் 7-ஐக் கூட்டி வரும் 16.69-ஆல் வகுத்தால், 193.5 டன். இரண்டு 100 டன் சில்லராக எடுத்துக்கொள்வோம். ஒன்று நின்றாலும் மற்றொன்று ஓடும்.

கேள்வி: சரி, 200 டன் சில்லருக்கு டேங்க் எவ்வளவு?

சில்லர் 12 மணி நேரம் 200 டன்னில் ஓடினால் 2,400 டன்-மணி தரும். தேவை 3,230. மீதி 830 ஐஸிலிருந்து. நம் கடையில் எந்த மணியிலும் சுமை 200-க்குக் கீழே போகவில்லை என்பதால் இப்படி நேராகக் கழிக்க முடிந்தது. உங்கள் கட்டடத்தில் காலையில் 120 டன்தான் என்றால் அந்த மணியில் சில்லர் 120-தான் ஓடும். சூத்திரம் அதை 200 என்று நினைத்துக்கொண்டு சிறிய சில்லரைச் சொல்லிவிடும். அதனால் சூத்திரத்தின் விடையை வைத்து மணிவாரியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு.

830-க்குப் பத்து சதவீதம் இடம் விட்டால் 922, சந்தையில் கிடைக்கும் அளவுக்கு ஏற்றபடி 950 டன்-மணி டேங்க். இரவில் கட்ட முடியுமா என்று பார்ப்போம். 830-உடன் 3% இழப்பு சேர்த்து 855. சில்லர் ஐஸ் கட்டும்போது தருவது 134 டன். ஆறு மணி இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இரவு 10-க்குத் தொடங்கினால் நாலரைக்கு முன்பே நிறைந்துவிடும். அரை மணி நேரம் கையிருப்பு இருக்கிறது, காலை பீக்குக்குள் இழுத்துக்கொண்டு போகாது.

இந்த வடிவத்தில் ஐஸிடம் நாம் கேட்கும் அதிகபட்ச வேகம் 100 டன். முழுச் சேமிப்பில் அதுவே 300 டன், அதுவும் இரண்டு மணி நேரம் தொடர்ந்து. டேங்குக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: ரூபாயில் சொல்லுங்கள்.

சில்லர் 300-லிருந்து 200-ஆகக் குறைந்ததில் 80 கிலோவாட். பவர் ஃபேக்டர் 0.95 என்றால் 84 கேவிஏ. மாதம் 50,000 ரூபாய். ஒப்பந்த டிமாண்டையும் அதே அளவு குறைத்துக்கொண்டால் மழைக்காலத்திலும் குறைந்தது 90% மிச்சம் நிற்கும். ஆக வருடத்துக்கு 5.4 முதல் 6 லட்சம்.

இதிலிருந்து ஒரு கழித்தல் உண்டு, அதைப் பெரும்பாலான மதிப்பீட்டுத் தாள்களில் காணோம். பகலில், பீக் இல்லாத நேரத்தில் உருகும் ஐஸ் நஷ்டம். சாதாரண விலை யூனிட்டை மிச்சப்படுத்த, வெறும் 5% தள்ளுபடி விலையில் 29% கூடுதல் யூனிட் செலவழித்திருக்கிறோம். உச்ச நாளில் பகலில் உருகுவது 510 டன்-மணி, நஷ்டம் 819 ரூபாய். மாலையில் உருகும் 320-இல் 62 ரூபாய் லாபம். நிகரமாக நாளைக்கு 750 ரூபாயை ஒட்டிக் கூடுதல் செலவு. வருடத்தில் 150 நாள் இப்படி என்றால் 1.1 லட்சம். மிச்சம் நாலரை லட்சத்தின் பக்கம் நிற்கிறது.

அடுத்த வேலை விலை கேட்பது. டேங்க், கிளைகோல், பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர், வால்வுகள், கன்ட்ரோல் எல்லாம் சேர்த்த விலையிலிருந்து, குறைந்த 100 டன் சில்லர், சிறிய டவர், சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றின் விலையைக் கழியுங்கள். மீதி இருபது லட்சத்துக்குள் இருந்தால் பேசலாம். நாற்பது லட்சம் என்றால் ஒன்பது வருடம் ஆகும் திரும்பி வர. நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். புதுக் கட்டடத்தில் இந்தக் கழித்தல் உதவுகிறது. ஏற்கெனவே 300 டன் சில்லர் ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் கழிக்க ஒன்றுமே இல்லை, முழு விலையும் டேங்கின் தலையில்தான்.

கேள்வி: அந்தப் பகல் நஷ்டத்தைத் தவிர்க்க முடியாதா?

உச்ச நாளில் முடியாது, மற்ற நாளில் முடியும். டிசம்பரில் கடைக்கு மதியம் 190 டன்தான் என்றால் சில்லரே அதைத் தந்துவிடும். ஐஸைத் தொடாமல் மாலை 6 மணிக்கு வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு மாலையில் ஒரு சில்லரை முழுக்க நிறுத்தவும் முடியும். கன்ட்ரோலில் "முதலில் சில்லர், மீதிக்கு ஐஸ்" என்று ஒரு முறை, "முதலில் ஐஸ்" என்று ஒரு முறை என இரண்டும் இருக்க வேண்டும். எந்த நாளுக்கு எது என்று மாற்றத் தெரிந்த ஆளும் வேண்டும். பல இடங்களில் வருடம் முழுக்க ஒரே முறையில் விட்டுவிடுகிறார்கள். மழை பெய்துகொண்டிருக்கும் நவம்பர் மதியத்தில், சில்லர் சும்மா இருக்க, ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்.

கேள்வி: டேங்கை மொட்டை மாடியில் வைத்துவிடலாமா?

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்காமல் கூடவே கூடாது. 950 டன்-மணிக்கு டன்-மணிக்கு 0.08 கன மீட்டர் வீதம் 76 கன மீட்டர். எடை 80 டன்னை ஒட்டி வரும். டேங்க் இரண்டரை மீட்டர் உயரம் என்றால் தரையில் 30 சதுர மீட்டர், நடமாட வழி சேர்த்து 45-50. அந்த முப்பது சதுர மீட்டரில் ஒவ்வொன்றின் மேலும் இரண்டரை டன்னுக்கு மேல் உட்காருகிறது. ஆட்கள் நடமாடும் சாதாரண மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் குறியீட்டில் வடிவமைப்புச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். பின்பக்கத் தரை, இல்லாவிட்டால் கார் நிறுத்தும் அடித்தளம். அடித்தளத்தில் என்றால் எத்தனை கார் இடம் போகிறது என்பதையும் செலவில் எழுதுங்கள்.

கேள்வி: டேங்கில் 950 டன்-மணி இருக்கிறது என்றால் 950-ம் கிடைக்குமா?

கிடைக்காது. கிடைக்கும் வேகமும் கடைசி வரை ஒன்றாக இருக்காது. இதைத்தான் பலர் வாங்கிய பிறகு தெரிந்துகொள்கிறார்கள்.

பரவலாக விற்கும் டேங்கில், சுருள் குழாய்க்குள் கிளைகோல் ஓடும், வெளியே தண்ணீர் உறையும். உருக்கும்போது அதே குழாய்க்குள் சூடான கிளைகோல் வரும். குழாயை ஒட்டிய ஐஸ் முதலில் உருகும். அதன் பிறகு குழாய்க்கும் ஐஸுக்கும் நடுவில் தண்ணீர் வளையம் ஒன்று வந்து, போகப் போகத் தடிமனாகும். வெப்பம் அதைக் கடந்துதான் ஐஸைத் தொட வேண்டும். அதனால் தொடக்கத்தில் 2, 3 டிகிரியில் வெளியே வந்த கிளைகோல், கடைசி மணி நேரத்தில் 6, 7 என்று ஏறும். டேங்கில் ஐஸ் மிதந்துகொண்டிருக்கும், மூன்றாவது மாடியில் பட்டுப் பிரிவில் வாடிக்கையாளர் விசிறிக்கொண்டிருப்பார்.

ஆகவே தயாரிப்பாளரிடம் மொத்த டன்-மணியைக் கேட்டு நிறுத்தாதீர்கள். உங்கள் மணிவாரிச் சுமையைக் கொடுத்து, ஒவ்வொரு மணி முடிவிலும் டேங்கிலிருந்து வரும் கிளைகோல் எத்தனை டிகிரி என்று அட்டவணை கேளுங்கள். கடைசி மணியின் எண் உங்கள் ஏர் ஹேண்ட்லருக்குத் தேவையான வெப்பநிலையைத் தாண்டினால் டேங்க் போதாது, டன்-மணி சரியாக இருந்தாலும். பகுதிச் சேமிப்பில் கடைசி மணிக்கு நாம் கேட்பது 40 டன்தான், அதனால் தப்பிக்கிறோம். முழுச் சேமிப்பில் ஐஸ் தீரும் நேரத்தில் 240 டன் கேட்கிறோம். அங்கே பத்து சதவீதக் கூடுதல் போதாமல் போகலாம்.

பால் பண்ணைகளில் இருக்கும் ஐஸ் பேங்க் டேங்க் வேறு வகை. அதில் தண்ணீரே ஐஸின் வெளிப்புறத்தைத் தொட்டு ஓடும், குளிர் சட்டென்று கிடைக்கும். பால் வந்து இறங்கும் கொஞ்ச நேரத்தில் ஒரேயடியாகக் குளிர்விக்க அதுதான் சரி. அதில் வரும் சிக்கல், ஐஸ் அளவுக்கு மீறிக் கட்டி, பக்கத்துக் குழாயின் ஐஸோடு ஒட்டிக்கொள்வது. தண்ணீர் போக வழி அடைபட்டுவிடும். தடிமன் சென்சார் வேலை செய்யாத டேங்கில் இது சீக்கிரமே நடக்கும்.

கேள்வி: டேங்க் நிறைந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

கடிகாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9% விரியும், அதனால் டேங்கில் நீர்மட்டம் ஏறும். அந்த மட்டத்தை அளக்கும் சென்சார்தான் டேங்கில் எவ்வளவு ஐஸ் என்று காட்டுகிறது. இன்னொரு அடையாளம் கிளைகோலின் வெப்பநிலை. உறைந்துகொண்டிருக்கும் வரை மெதுவாக இறங்கும். உறைய வேண்டிய தண்ணீர் தீர்ந்ததும் வேகமாக விழும். அங்கே சில்லர் நிற்க வேண்டும். நின்ற பிறகு கொஞ்சம் உருகிவிட்டது என்று விடியற்காலையில் மறுபடி தொடங்கக் கூடாது. அது காலை பீக்குக்குள் போய் விழும்.

மாதம் ஒரு முறை, இரவில் சில்லர் எடுத்த யூனிட்டை அன்றைக்குக் கட்டிய டன்-மணியால் வகுத்து எழுதி வையுங்கள். 1.0 என்று தொடங்கியது 1.15 ஆனால் கண்டென்சர் குழாயில் உப்புப் படிந்திருக்கலாம், இல்லை கேஸ் குறைந்திருக்கலாம். 1.32 விகிதத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச இடமும் இதில்தான் காணாமல் போகும்.

கேள்வி: பெரிதாக எது பழுதாகும்?

பைபாஸ் வால்வு. கட்டடத்தின் தண்ணீரும் ஐஸ் பக்கத்துக் கிளைகோலும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் சந்திக்கின்றன. இரவில் ஐஸ் கட்டும்போது மைனஸ் 5 டிகிரி கிளைகோல் அதற்குள் போகாமல் வால்வு மூடியிருக்க வேண்டும். வால்வு கொஞ்சம் கசிந்தாலும், மறுபக்கம் ஓடாமல் நிற்கும் தண்ணீர் உறைந்து தட்டைப் பிளந்துவிடும். அதற்கு முன் ஒரு அறிகுறி கிடைக்கும்: இரவில் எக்ஸ்சேஞ்சரின் தண்ணீர்ப் பக்கக் குழாய் வியர்த்து, தொட்டால் சில்லென்று இருக்கும். அங்கே ஒரு சென்சார் வைத்து, 3 டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீர் பம்ப் தானாக ஓடும்படி செய்வது மலிவான காப்பு.

இன்னொன்று கிளைகோல் நீர்த்துப்போவது. 25% எத்திலீன் கிளைகோல் மைனஸ் 11 டிகிரியை ஒட்டி வரை உறையாது. கசிவை ஈடுகட்ட யாராவது வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தால் இந்த எல்லை மேலே ஏறி, ஒரு நாள் சில்லரின் எவாப்பரேட்டர் உறையும். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

பில்லில் மட்டும் தெரியும் பழுது ஒன்றும் உண்டு. மே மாத மாலையில் மின்தடை வந்து போகிறது, எல்லா இயந்திரமும் ஒன்றாகத் தொடங்குகின்றன, கடையே சூடாக இருப்பதால் எல்லாம் முழுச் சுமையில். அந்த ஒரு பதிவு இடைவெளி போதும், மாத டிமாண்ட் அதுதான். ஒப்பந்த டிமாண்டைக் குறைத்திருந்தால் மீறியதற்கு அபராதமும் சேரும். கன்ட்ரோலில் டிமாண்ட் எல்லை வைத்து, மின்சாரம் திரும்பியதும் முதல் அரை மணி நேரத்துக்கு ஐஸை முன்னால் விட்டு, சில்லர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும்படி செய்ய வேண்டும்.

கேள்வி: சூரிய மின்சார நேரத்துக்கு விலை குறையப் போகிறது என்கிறார்களே, அப்போது கணக்கு மாறுமா?

மாறும், ஆனால் நினைப்பதுபோல் அல்ல. மத்திய அரசு 2023-இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், மாநில ஆணையங்கள் நேரவாரிக் கட்டணம் கொண்டுவர வேண்டும் என்கின்றன. பகலில் எட்டு மணி நேரச் சூரிய நேரத்துக்குச் சாதாரண விலையைவிடக் குறைந்தது 20% குறைவு. வணிக, தொழில் இணைப்புகளுக்குப் பீக்கில் குறைந்தது 1.2 மடங்கு. 1.2-ஐ 0.8-ஆல் வகுத்தால் 1.5. நம் 1.29-க்கு மேல் நன்றாகவே நிற்கிறது. யூனிட் செலவில் ஏழில் ஒரு பங்கு மிச்சம்.

ஆனால் ஐஸை இப்போது பகலில் கட்ட வேண்டும், அதே நேரம் கடைக்கும் குளிர் வேண்டும். மாலை 1,120 டன்-மணிக்கு எட்டு மணி நேரத்தில் 1,154 கட்ட, ஐஸ் நிலையில் 144 டன், அதாவது பெயர்ப் பலகையில் 215 டன் சில்லர். கடையின் 290-ஐயும் சேர்த்தால் 505. இரவு வடிவத்தில் 200 டன் போதும் என்றோம். கேவிஏ இரண்டரை மடங்கு, டிமாண்ட் சார்ஜ் எல்லா மிச்சத்தையும் விழுங்கிவிடும். பகலில் காலியாக இருந்து மாலையில் நிறையும் கட்டடத்துக்குத்தான் இது சரி. வார நாளில் மாலைக் காட்சிக்கு மட்டும் கூட்டம் வரும் திரையரங்கு ஒன்று, மாலை வரவேற்புக்கு நிறையும் திருமண மண்டபம் ஒன்று. மதியம் முழுக்கச் சில்லர் சும்மா நிற்கிறது, அதையே ஐஸ் கட்டப் பயன்படுத்தலாம், கூடுதலாக ஒரு டன் சில்லர்கூட வாங்க வேண்டியதில்லை.

ஜவுளிக்கடை இப்போதைக்கு இரவு ஐஸோடு நிற்கட்டும். டேங்க் வாங்கும்போது பகலிலும் கட்டும் வகையில் வால்வும் கன்ட்ரோலும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வையுங்கள். சூரிய நேரத்தில் கடைச் சுமை 100-க்குக் கீழே இறங்கும் குளிர்கால நாட்கள் இருந்தால், அன்றைக்கு ஒரு சில்லர் கடைக்கும் இன்னொன்று ஐஸுக்குமாக ஓட முடியும்.